ரிஸ்க் கிராஃப்பில் இரண்டு கோடுகள்: இன்றைய வளைவையும் எக்ஸ்பயரி கோட்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு அமெரிக்கப் பங்குகள் புதிதல்ல. சில கம்பெனிகள் சம்பளத்தோடு பங்கும் கொடுக்கின்றன, அதை வைத்துக்கொள்ள ஒரு கணக்கும் ஏற்பாடு செய்கின்றன. அங்கிருந்து ஆப்ஷன் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் ரிஸ்க் கிராஃப், பங்கு எந்த விலைக்குப் போனால் எவ்வளவு லாப நஷ்டம் என்று காட்டும் படம். திரையில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று மூலைகள் மடிந்த நேர்கோடு, ஆப்ஷன் முடியும் எக்ஸ்பயரி நாளின் லாப நஷ்டத்தைக் காட்டுவது. மற்றொன்று அதைச் சுற்றி வளைந்து போகும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் நேர்கோட்டை விளக்க நிறையப் பேர் இருந்தார்கள். வளைவைப் பற்றிக் கேட்டால் "அது இன்றைய மதிப்பு" என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஆப்ஷனை விற்ற நாளிலிருந்து முடியும் நாள்வரை உங்கள் கணக்கில் தெரியும் லாப நஷ்டம் முழுக்க அந்த வளைவில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு உதாரணத்தை எடுத்து, இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

## 1. கிராஃப்பைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணக்கே இல்லாதவர்களுக்கு முதலில் இது. மைகார்டு, உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். W-8BEN என்ற அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை அது செல்லும். 2025-இல் போட்டால் 2028 முடிவுவரை. பங்கு வாங்கும் அனுமதி ஒன்று, ஆப்ஷன் அனுமதி வேறு. ஆப்ஷனிலும், ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கும் ஸ்பிரெட் போடத் தனிப் படி இருக்கும். அதற்கான கேள்வித்தாளை முதலிலேயே முடித்து வையுங்கள், வர்த்தகம் போடும் இரவில் அது உங்களைத் தடுக்கக் கூடாது. நிறுவனம் உரிமம் பெற்றதா என்பதை செக்யூரிட்டீஸ் கமிஷனின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வேலை செய்யும் கம்பெனியின் பங்கில் ஊழியர்கள் ஆப்ஷன் போடுவதைப் பல கம்பெனிகள் தடை செய்கின்றன. வேலை விதிகளைப் படிக்காமல் அந்தப் பங்கில் கை வைக்காதீர்கள்.

கிராஃப்புக்கென்று நான்கு விவரங்கள் வேண்டும். அவை நீங்கள் உண்மையில் பெற்ற அல்லது கொடுத்த விலை, எத்தனை கான்ட்ராக்ட், எக்ஸ்பயரி தேதி, இம்ப்ளைட் வோலட்டிலிட்டி. இந்தக் கடைசி ஒன்றை இனி ஐ.வி. என்றே சொல்கிறேன். இந்தப் பங்கு எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலைகள் இப்போது எதிர்பார்க்கின்றன என்பதைக் காட்டும் எண் அது. காலாண்டு லாப அறிவிப்பு எக்ஸ்பயரிக்கு முன்னால் வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராஃப்புக்கு அந்தத் தேதி தெரியாது.

## 2. சரியான நேரத்தில் பாருங்கள்

நம் ஊரில் இருப்பவர்களுக்கென்றே உள்ள பொறி இது. அமெரிக்கச் சந்தை நமக்கு இரவு 9:30-க்குத் திறந்து விடிகாலை 4:00-க்கு மூடும். நவம்பர் முதல் மார்ச் வரை, அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளியிருக்கும் மாதங்களில், 10:30 முதல் 5:00 வரை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கிராஃப்பைத் திறந்தால், மூடிய சந்தையின் பழைய விலைகளை வைத்து அது வளைவை வரைந்திருக்கும். வாங்கும் விலையும் விற்கும் விலையும் வெகுதூரம் விலகி நிற்க, ஐ.வி. தாறுமாறாகத் தெரியும். நேர்கோடு மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அதற்குச் சந்தை விலை தேவையில்லை. சந்தை திறந்த முதல் சில நிமிடங்களிலும் இதே கதைதான். அரை மணி நேரம் போகட்டும், அப்புறம் பாருங்கள்.

## 3. அச்சுகளைச் சரிபாருங்கள்

கிடையாக இருப்பது பங்கின் விலை, நெடுக்காக இருப்பது லாப நஷ்டம், திரையில் `P/L` என்று இருக்கும். அந்த நெடுக்கு அச்சு டாலரிலா, சதவீதத்திலா, ஒரு பங்குக்கான கணக்கிலா என்று பாருங்கள். அமெரிக்கப் பங்கு ஆப்ஷனில் ஒரு கான்ட்ராக்ட் 100 பங்குகளைக் குறிக்கும், ஆகவே 1.00 என்ற விலை 100 டாலர். புர்சா மலேசியாவின் செம்பனை எண்ணெய் ஆப்ஷனைப் பார்ப்பவர்கள் 100-ஐ மறந்துவிடுங்கள். அங்கே ஒரு கான்ட்ராக்ட் 25 டன்.

## 4. முதலில் நேர்கோடு

உதாரணம் இதுதான். ஒரு பங்கு 100 டாலரில் இருக்கிறது. எக்ஸ்பயரிக்கு 45 நாள், ஐ.வி. 25 சதவீதம். புட் என்பது பங்கைக் குறித்த விலையில் விற்கும் உரிமை, அந்த விலைதான் ஸ்ட்ரைக். 95 ஸ்ட்ரைக் புட்டை விற்று, பாதுகாப்புக்கு 90 ஸ்ட்ரைக் புட்டை வாங்குகிறீர்கள். இதை புல் புட் ஸ்பிரெட் என்பார்கள். இரண்டும் சேர்ந்து கைக்கு வருவது 1.00, அதாவது 100 டாலர். கணக்கு எளிதாக இருக்க, வட்டியையும் டிவிடெண்டையும் விட்டுவிட்டு, இரண்டு புட்டுக்கும் ஒரே ஐ.வி. என்று வைத்து ஆப்ஷன் விலையைக் கணக்கிடும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்ட எண்களைத் தருகிறேன்.

எக்ஸ்பயரி கோடு சொல்வது சுருக்கமானது. 95-க்கு மேல் எங்கே முடிந்தாலும் 100 டாலர் லாபம். 94-இல் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, பிரேக் ஈவன். 90-க்குக் கீழே எங்கே முடிந்தாலும் 400 டாலர் நஷ்டம், அதற்கு மேல் போகாது. ஒரு டாலருக்கு 4 ரிங்கிட் என்று வைத்தால், 400 ரிங்கிட் சம்பாதிக்க 1,600 ரிங்கிட்டை நிறுத்தி வைக்கிறீர்கள். ரிங்கிட் மதிப்பு மாறுவது எந்தக் கிராஃப்பிலும் இல்லை.

## 5. இப்போது வளைவு

சில செயலிகளில் இதற்கு `T+0` என்று பெயர் இருக்கும். முதல் சோதனை: இப்போதைய பங்கு விலையில் இந்த வளைவு பூஜ்யத்தைத் தொட்டபடி போக வேண்டும். இப்போதுதானே போட்டீர்கள், லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியால் சில டாலர் கீழே இருக்கலாம். 100-இல் அது 40, 50 டாலர் தள்ளி நின்றால், நீங்கள் உள்ளிட்ட விலையோ எண்ணிக்கையோ தவறு, அல்லது வாங்கியதும் விற்றதும் இடம் மாறியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

அடுத்து, பங்கு இன்றிரவே நகர்ந்தால் என்ன ஆகும் என்று வளைவில் படியுங்கள். இரண்டு கோடுகளையும் சேர்த்து ஒரு சின்ன அட்டவணை எழுதிக்கொள்வது என் வழக்கம்:

| பங்கு விலை | எக்ஸ்பயரி கோடு (டாலர்) | இன்றைய வளைவு (டாலர்) |
|---|---|---|
| 105 | +100 | +58 |
| 100 | +100 | 0 |
| 95 | +100 | −99 |
| 93 | −100 | −146 |
| 90 | −400 | −218 |

95 என்ற வரியை நிதானமாகப் பாருங்கள். அதே பங்கு விலைதான். கடைசி நாளில் அங்கே நின்றால் முழு லாபம். இன்று அங்கே போனால் ஏறக்குறைய 100 டாலர் நஷ்டம். காரணம், நீங்கள் விற்ற 95 புட்டுக்குள் இன்னும் 45 நாள் வாழ்க்கை இருக்கிறது. அதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் அந்த நாட்களுக்கும் விலை கொடுக்க வேண்டும்.

புதியவர்கள் பணம் இழக்கும் பொறி இந்த வரியில்தான் ஒளிந்திருக்கிறது. "100 டாலர் நஷ்டம் வந்தால் வெளியேறிவிடுவேன்" என்று தீர்மானிக்கிறோம், சரி. எக்ஸ்பயரி கோட்டில் 100 டாலர் நஷ்டம் எங்கே என்று பார்க்கிறோம், 93-இல் இருக்கிறது. 93-க்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். பங்கு இந்த வாரமே விழுந்தால் அலாரம் அடிக்கும்போது நஷ்டம் 146 டாலர் பக்கம் இருக்கும். உங்கள் எல்லை 95-லேயே கடந்துபோயிருக்கும். வெளியேறும் இடத்தை வளைவில் பார்த்து வையுங்கள்.

மேல் பக்கமும் கவனிக்க வேண்டியதுதான். பங்கு சட்டென்று 105-க்கு ஏறினால், முழு லாபத்தில் பாதிக்கு மேல் இன்றே கைக்கு வந்துவிடும். மீதி 42 டாலருக்காக ஆறு வாரம் ரிஸ்க்கைச் சுமக்க வேண்டுமா என்று அங்கே நீங்கள் முடிவெடுக்கலாம். நேர்கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் அதில் 96-உம் 105-உம் ஒன்றுதான்.

## 6. கோடுகள் வெட்டும் இடத்தைக் குறியுங்கள்

அட்டவணையின் கடைசி வரியில் நிலைமை தலைகீழாகிறது. 90-இல் இன்றைய நஷ்டம் 218, எக்ஸ்பயரி நஷ்டம் 400. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது ஏறக்குறைய 92.40-இல். பங்கு அதற்கு மேல் நின்றால், அசையாமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சாதகம், ஏனென்றால் வளைவு மேலே இருக்கும் நேர்கோட்டை நோக்கி ஏறும். அதற்குக் கீழே போய்விட்டால் காத்திருப்பதே உங்களைக் கீழே இழுக்கும். "ஆப்ஷன் விற்றவருக்குக் காலம் நண்பன்" என்று மாமாக் கடை மேசைகளில் சொல்வார்கள். இந்த ஸ்பிரெட்டில் அது 92.40-க்கு மேல் மட்டும் உண்மை. பங்கு 91-இல் நிற்கும்போது "இன்னும் நாள் இருக்கிறதே" என்று பொறுத்திருப்பவர், பங்கு திரும்ப ஏறும் என்று பந்தயம் கட்டுகிறார். அதைத் தெரிந்து செய்தால் சரி.

## 7. தேதியை நகர்த்துங்கள்

கிராஃப்பில் தேதியை மாற்ற ஒரு பெட்டியோ நகர்த்தும் பொத்தானோ இருக்கும். 45 நாளிலிருந்து 21, பிறகு 7 என்று நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் 95-இல் வளைவு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

45 நாளில் −99. 21 நாள் மிச்சமிருக்கும்போது −72. 7 நாளில் −23. கடைசி நாளில் +100. பாதிக் காலம் கடந்தும் 27 டாலர்தான் திரும்பியிருக்கிறது. கடைசி ஏழு நாளில் 123 டாலர். பங்கு விற்ற ஸ்ட்ரைக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தால் வளைவு நேர்கோட்டை அப்படித்தான் தாமதமாக வந்து சேரும். அந்த ஏழு நாளில் பங்கு இரண்டு டாலர் இறங்கினாலும் எதிர்ப்பக்கம் வேகமாகப் போகும்.

பங்கு 100-லேயே நின்றால் காட்சி வேறு. 21 நாள் மிச்சமிருக்கும்போதே ஏறக்குறைய 45 டாலர் லாபம் தெரியும். முழு லாபத்தில் பாதி வந்தால் மூடிவிடலாம் என்று திட்டமிடுபவர், எந்த வாரத்தில் அதை எதிர்பார்க்கலாம் என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார். நேர்கோடு அந்த வாரத்தைச் சொல்லாது.

தேதிப் பெட்டியில் ஒரு எச்சரிக்கை. நமக்குச் சனிக்கிழமை விடிந்திருக்கும்போது அங்கே இன்னும் வெள்ளிக்கிழமை. செயலி எந்த ஊர்த் தேதியை எடுக்கிறது என்று பாருங்கள். 45 நாளில் ஒரு நாள் தவறினால் பெரிதாகத் தெரியாது. கடைசி வாரத்தில் நன்றாகவே தெரியும்.

## 8. ஐ.வி.யை உயர்த்திப் பாருங்கள்

தேதியை மட்டும் நகர்த்திவிட்டு நிறுத்துபவர்கள் அதிகம். வளைவு வரையப்படுவது, ஐ.வி. இன்றிருப்பதுபோலவே இருக்கும் என்ற அனுமானத்தில். பங்கு விழும்போது ஐ.வி. பெரும்பாலும் ஏறும். ஆகவே கீழ்ப்பக்கத்தைப் படிக்கும்போது அதையும் சேர்த்து நகர்த்த வேண்டும்.

நம் உதாரணத்தில் ஐ.வி.யை 25-லிருந்து 35-க்கு உயர்த்தினால், 95-இல் −99 என்று இருந்தது −119 ஆகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் 100-இல். பங்கு ஒரு சென்ட்கூட நகரவில்லை, ஆனால் கணக்கில் 42 டாலர் நஷ்டம் தெரியும். பங்கு நின்ற இடத்தில் நிற்க, ஏன் சிவப்பில் இருக்கிறோம் என்று குழம்பிப் போய் நிறுவனத்துக்குப் போன் செய்பவர்கள் இங்கேதான் சிக்கியிருப்பார்கள். எக்ஸ்பயரி கோடு இந்த மாற்றத்தில் துளியும் அசையாது, அதையும் திரையில் பாருங்கள். ஐ.வி. ஏறியதால் வந்த நஷ்டம் காகிதத்தில் இருக்கும் நஷ்டம். பங்கு 95-க்கு மேல் முடிந்தால் அது கரைந்துவிடும். ஆனால் நடுவில் வெளியேற வேண்டி வந்தால் அது நிஜப் பணம்.

100-இல் ஏன் அதிக அடி? அங்கே இரண்டு புட்டும் பங்கு விலைக்குக் கீழே இருக்கின்றன. ஐ.வி. ஏறும்போது, பங்குக்கு நெருக்கமாக உள்ள 95 புட், 90 புட்டைவிட அதிகமாக விலையேறுகிறது. நீங்கள் விற்றது அதைத்தான். இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவில் பங்கு வந்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய சமமாக ஏறி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

காலெண்டர் ஸ்பிரெட் போன்று இரண்டு வேறு எக்ஸ்பயரிகள் உள்ளவற்றில் நேர்கோடு என்றே ஒன்று கிடையாது. முதல் ஆப்ஷன் முடியும் நாளில் இரண்டாவதற்கு உயிர் இருக்கும், அதன் விலையைச் செயலி ஒரு ஐ.வி.யை அனுமானித்துப் போடுகிறது. அங்கே இரண்டு கோடுகளுமே மதிப்பீடுகள். இந்த ஸ்பிரெட்டை நன்றாகப் படிக்க வரும்வரை அவற்றைத் தள்ளி வையுங்கள்.

## 9. செலவைக் கழியுங்கள்

பெரும்பாலான கிராஃப்கள் கமிஷனைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு புட்டுக்கு உள்ளே போக இரண்டு, வெளியே வர இரண்டு, ஆக நான்கு கட்டணம். கான்ட்ராக்ட்டுக்கு 1 டாலர் என்று வைத்தாலே 4 டாலர். வெளியே வரும்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் விட்டுக்கொடுக்கும் 0.05 இன்னொரு 5 டாலர். 100 டாலர் அதிகபட்ச லாபத்தில் இவை இரண்டும் சேர்ந்து 9 டாலர். இரண்டு கோடுகளையும் அந்த அளவு கீழே இறக்கிப் படியுங்கள். 45 டாலர் லாபத்தில் மூடும் திட்டத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு.

## 10. கடைசி வெள்ளி இரவு

எக்ஸ்பயரி கோடு முடியும் இடத்தில் உங்கள் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பங்கு 92-இல் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஃப் −200 என்கிறது. உண்மையில் நடப்பது: 95 புட் உங்கள் தலையில் விழுந்து, 100 பங்குகளை 95 டாலருக்கு நீங்கள் வாங்கியாக வேண்டும், 9,500 டாலர். பாதுகாப்புக்கு வாங்கிய 90 புட் பயனில்லாமல் காலாவதியாகிவிட்டது. திங்கட்கிழமை பங்கு 85-இல் திறந்தால் 400 டாலர் என்ற எல்லை இனி உங்களுக்குக் கிடையாது. கணக்கில் அவ்வளவு பணம் இல்லையென்றால், நிறுவனம் கடைசி நாளன்றே அதற்குப் பிடித்த விலையில் உங்கள் ஸ்பிரெட்டை மூடிவிடலாம்.

95-க்குச் சற்று மேலே முடிவதும் முழுப் பாதுகாப்பு இல்லை. செயல்படுத்தினால் 0.01 டாலராவது கிடைக்கும் நிலையில், அதாவது உள்ளே, இருக்கும் ஆப்ஷன்கள் தானாகச் செயல்படுத்தப்படும் என்பது வழக்கம். ஆனால் வெளியே இருக்கும் புட்டையும் அதை வைத்திருப்பவர் விரும்பினால் செயல்படுத்தலாம், அதற்கு அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 5:30 வரை அவகாசம் உண்டு. நமக்கு அது சனிக்கிழமை விடிகாலை 5:30, அங்கே குளிர்கால நேரமென்றால் 6:30. பங்கு 95.20-இல் மூடி, அதன்பின் கெட்ட செய்தி வந்து விலை சரிந்தால், கிராஃப்பில் +100 பார்த்துவிட்டுத் தூங்கியவர் காலையில் 100 பங்குகளோடு எழுந்திருப்பார்.

அதனால் வெள்ளி இரவு பங்கு 95-இலிருந்து இரண்டு மூன்று டாலருக்குள் இருந்தால், தூங்கப் போகும் முன் 95 புட்டைத் திரும்ப வாங்கி மூடுங்கள். நன்றாக மேலே இருந்தால் அதற்குச் சில சென்ட்களே ஆகும். 90 புட்டை அப்படியே விட்டுவிடலாம், அதனால் உங்களுக்கு எந்தக் கடமையும் வராது.